களிமண் புழுவின் 120 ஃபிரேம்: பிழையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் ஒரு ஃபிரேமாக, அதாவது ஒரு படமாக எடுத்து ஓட்டும் ஸ்டாப் மோஷனைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த ஒரு ஸ்கிரிப்டைத்தான். பத்து விநாடிப் படம். ஒரு புழு ஊர்ந்து வந்து, கட்டை மேல் ஏறி, இலையைக் கடிக்கிறது. எத்தனை பேர் எடுத்து வந்தாலும் பிழைகள் ஏறக்குறைய அதே பிழைகள்தான். அதனால் ஸ்கிரிப்டை முதலில் வைத்து, அதன் கீழே ஒவ்வொரு பிழைக்கும் எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று எழுதியிருக்கிறேன்.

## ஸ்கிரிப்ட்

செட்: அசையாத மேசை மேல், குண்டூசி இறங்கும்படியான 60 × 40 செ.மீ. பலகை. பின்னால் வெளிர்நீலச் சார்ட் தாள். தரையும் பின்னணியும் ஒரே தாளாக, மூலையில் மடிக்காமல் வளைத்து விட வேண்டும். கேமரா புழுவின் உயரத்தில், நேர் பக்கவாட்டில். படத்துக்குள் தெரியும் அகலம் சுமார் 30 செ.மீ. கட்டையின் இடப்பக்க முகம், படத்தின் இடது விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கட்டும்.

பொருள்கள்: எண்ணெய் கலந்த, காயாத களிமண்ணில் 9 செ.மீ. நீளப் புழு. உள்ளே மெல்லிய அலுமினியக் கம்பி, இரண்டு இழையாக முறுக்கியது. தெர்மோகோலில் செய்து பழுப்புத் தாள் சுற்றிய கட்டை, 4 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம். களிமண் இலை மூன்று: முழு இலை, ஒரு கடி பட்டது, இரண்டு கடி பட்டது. குண்டூசிகள்.

வேகம்: விநாடிக்கு 12 ஃபிரேம்.

- 1–8: வெறும் செட். கட்டை மேல் முழு இலை.
- 9–48: புழு இடமிருந்து ஊர்ந்து வருகிறது. ஒரு ஊர்தலுக்கு 8 ஃபிரேம், 3 செ.மீ. ஐந்து ஊர்தலில் 15 செ.மீ. 48-ல் தலை கட்டையின் அடியைத் தொடும்.
- 49–52: தலை மெல்ல நிமிர்கிறது.
- 53–60: அப்படியே நிற்கிறது, மேலே பார்த்தபடி.
- 61–84: ஏறுகிறது. மூன்று ஊர்தல், 9 செ.மீ. 84-ல் வால் கட்டையின் அடியில், உடலில் 4 செ.மீ. செங்குத்தாக, 5 செ.மீ. கட்டை மேல்.
- 85–92: நிற்கிறது. இலையைப் பார்க்கிறது.
- 93–108: இரண்டு கடி, ஒவ்வொன்றும் 8 ஃபிரேம். தலை இலையை மறைக்கும் ஃபிரேமில் இலையை மாற்றவும்.
- 109–120: மெல்லுகிறது. தலை மட்டும் லேசாக மேலும் கீழும்.

9 முதல் 12 வரை புழுவின் வால்தான் நகர்கிறது, அது படத்துக்கு வெளியே இருக்கிறது. ஆகவே பார்ப்பவருக்கு முதல் 12 ஃபிரேம், அதாவது சரியாக ஒரு விநாடி, வெறும் செட்தான் தெரியும். அது வேண்டுமென்றே வைத்தது, வெட்டிவிட வேண்டாம்.

பிழை தேடும் முன் ஒரு காரியம். படத்தை ஓட்டி, பிழை கண்ணில் படும் இடத்தில் நிறுத்தி, ஃபிரேம் எண்ணைத் தாளில் எழுதுங்கள். "நடுவில் எங்கேயோ ஆடுகிறது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "66-ல் ஆடுகிறது" என்றால் ஸ்கிரிப்டில் அந்த வரியைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

## புழு ஊராமல் வழுக்கிக்கொண்டு போகிறது (9–48)

அதிகம் வருவது இதுதான். செட்டும் பொருளும் சரியாக இருக்கும், படம் தெளிவாக இருக்கும், ஆனால் புழுவை யாரோ நூல் கட்டி இழுப்பது போலத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது: தலையும் வாலும் ஒரே ஃபிரேமில் நகர்கின்றனவா? அடுத்தடுத்த இரண்டு படங்களை மாறி மாறிப் பாருங்கள். இரண்டு முனையும் நகர்ந்திருந்தால் காரணம் அதுதான். ஊர்தல் என்பது ஒரு முனை தரையைப் பிடித்திருக்க, மற்றது நகர்வது. முதல் 4 ஃபிரேமில் தலை அசையவே கூடாது. வால் மட்டும் 3 செ.மீ. முன்னே வர, நடு உடல் வளைந்து மேலே எழும்பும். அடுத்த 4 ஃபிரேமில் வால் அசையக் கூடாது. தலை 3 செ.மீ. முன்னே போக, வளைவு தாழும்.

இதைக் கையால் குத்துமதிப்பாகச் செய்தால் தவறும். படத்தில் தெரியாதபடி பலகையின் முன் விளிம்பில் ஒரு அடிக்கோலை ஒட்டிவிடுங்கள். தலை நிற்க வேண்டிய 4 ஃபிரேமுக்கும் தலையடியில் ஒரு குண்டூசி இறங்கியிருக்கட்டும். அது இருந்தால், வாலைத் தள்ளும்போது தலை நகர்ந்துவிடாது.

அடுத்தது: நான்கு நகர்வும் ஒரே அளவா? 3 செ.மீட்டரை நான்கால் வகுத்து முக்கால் முக்காலாக நகர்த்தினால் இயந்திரம் போல இருக்கும். 0.5, 1, 1, 0.5 என்று நகர்த்துங்கள். தொடங்கும்போதும் நிற்கும்போதும் சிறிய அடி, நடுவில் பெரிய அடி. இந்த ஒரு மாற்றத்தில் புழுவுக்குத் தசை வந்துவிட்டது போல இருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கணம் அதுதான்.

வளைவு உயரவில்லையா? அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் வழுக்கினால், நடு உடல் மேலே எழும்பவில்லை என்று அர்த்தம். 9 செ.மீ. உடல் 6 செ.மீ. இடத்துக்குள் வந்தால் மிச்ச நீளம் எங்கேயாவது போக வேண்டும். வளைவாக மேலே போகவில்லை என்றால், நீங்கள் உடலை நசுக்கிக் குட்டையாக்கியிருக்கிறீர்கள். வளைவு ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்று பார்க்க, கெட்டி அட்டையில் அந்த வளைவை வெட்டி வைத்துக்கொண்டு நான்காவது ஃபிரேமில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்த்ததும் அட்டையை எடுத்துவிட்டுத்தான் படம்.

கம்பி ஒத்துழைக்கவில்லையா? வளைத்தது மெல்ல நிமிர்ந்துவிடுகிறது என்றால் கம்பி விறைப்பாக இருக்கிறது. தொய்கிறது என்றால் மெலிவாக இருக்கிறது, அல்லது அதே இடத்தில் பலமுறை வளைந்து உள்ளே உடைந்திருக்கிறது. அலுமினியக் கம்பிக்கு இந்தக் குணம் உண்டு, நடுவில் ஒடியும். கம்பியைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று மடங்கினால் ஒடிந்துவிட்டது. வேறு வழியில்லை, புதுக் கம்பி போட்டு அதே களிமண்ணை மறுபடி சுற்ற வேண்டும்.

எத்தனை ஃபிரேமை மறுபடி எடுப்பது? ஐந்து ஊர்தலில் ஒன்றில் பிழை என்றால், புழு நீண்டு படுத்திருக்கும் ஃபிரேம் வரை பின்னே போங்கள். 16, 24, 32, 40 ஆகிய எண்களில் புழு முழுதாக நீண்டு இருக்கும். பழைய படத்தை மெல்லிதாக மேலே காட்டும் ஆனியன் ஸ்கின் வசதி செயலியில் இருந்தால், அந்த நிலையை அப்படியே பொருத்தி அங்கிருந்து தொடரலாம்.

## ஏறும்போது புழு சரிகிறது, தொங்குகிறது (61–84)

கட்டையின் நிமிர்ந்த பக்கத்தில் களிமண் தானாக ஒட்டி நிற்காது. ஒட்டியது போல் இருக்கும், இரண்டு ஃபிரேம் கழித்து மெல்ல இறங்கும். நீங்கள் கேமராவிடம் போய் வருவதற்குள் ஒரு மில்லிமீட்டர் சரிந்தாலும் படத்தில் நடுக்கமாகத் தெரியும்.

முதலில் ஊசியைப் பாருங்கள். குண்டூசியின் தலை புழுவின் வயிற்றுக்குள் புதைந்து, முனை ஒரு செ.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும். அது தெர்மோகோலுக்குள் இறங்கினால் புழு நிற்கும். ஒன்று தலையடியில், ஒன்று வாலடியில் போதும். கேமரா நேர் பக்கவாட்டில் இருப்பதால் கட்டையின் இடப்பக்க முகம் நமக்குத் தெரியாது, ஊசித் துளை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை. மரக்கட்டை வைத்திருந்தால் ஊசி இறங்காது. அதனால்தான் தெர்மோகோல் சொன்னேன்.

ஊசி சரியாக இருந்தும் சரிந்தால், களிமண் இளகிவிட்டது. விளக்குச் சூட்டிலும் விரல் சூட்டிலும் எண்ணெய்க் களிமண் மென்மையாகும். புழுவை ஒரு தட்டில் வைத்துப் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகும். ஆனால் அப்படிச் செய்வது 60-க்கும் 61-க்கும் நடுவில், அதாவது புழு நிற்கும் இடத்தில் மட்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அதே நிலையில் திரும்ப வைப்பது மிகவும் கடினம். எப்போதும் இளகுகிறது என்றால், அதிகம் சூடு தராத எல்.இ.டி. விளக்குக்கு மாறுங்கள், அல்லது விளக்கைத் தள்ளி வையுங்கள்.

கட்டையே அசைகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். தெர்மோகோல் எடை இல்லாத பொருள். அடியில் இருபக்க ஒட்டு டேப் போட்டுப் பலகையோடு ஒட்டியிருக்க வேண்டும்.

## வெளிச்சம் மின்னுகிறது

இதற்கு ஊகம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு சோதனை இருக்கிறது. செட்டில் எதையும் தொடாமல், நீங்கள் ஒரே இடத்தில் நின்றபடி, பத்துப் படம் எடுங்கள். 12 ஃபிரேம் வேகத்தில் ஓட்டுங்கள்.

### பத்துப் படமும் ஒரே மாதிரி இருக்கின்றன

அப்படியென்றால் கேமராவும் விளக்கும் சரி. காரணம் நீங்கள், அல்லது சன்னல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அதுவே ஒரு விளக்கு போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அடுத்த படத்துக்கு அரையடி தள்ளி நின்றால் நிழல் மாறும். கறுப்புச் சட்டை போடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்துக்குப் போய் நில்லுங்கள். சன்னல் வெளிச்சம் மேகம் வந்து போகும்போதெல்லாம் மாறும், மாலைக்குள் நிறமே மாறிவிடும். திரை போட்டு மூடுங்கள். 120 படம் எடுக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம், அவ்வளவு நேரம் மாறாத வெயில் கிடைக்காது.

### பத்துப் படத்திலேயே மின்னுகிறது

ஃபோனாக இருந்தால், புழு மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். சில ஃபோன்களில் `AE/AF LOCK` என்று திரையில் வரும். இது, படத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸைப் பூட்டாமல் விடலாம். படம் ஒன்று நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வந்தால், ஒயிட் பேலன்ஸைத் தனியே பூட்ட வசதியுள்ள ஸ்டாப் மோஷன் செயலிக்குப் போக வேண்டும். கேமராவாக இருந்தால் `M` முறையில் ஷட்டர், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கையால் வைத்து, ஒயிட் பேலன்ஸில் ஆட்டோவை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டியும் மின்னினால் மின்சார விளக்கைச் சந்தேகப்படுங்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் மிக வேகமாக இருந்தால் ஒரு படம் ஏற்றத்தையும் அடுத்தது இறக்கத்தையும் பிடிக்கும். 50 ஹெர்ட்ஸுக்கு 1/50 அல்லது 1/25 விநாடி, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/30 என்று வைத்துப் பாருங்கள். களிமண் அசைவதில்லை, மெதுவான ஷட்டரால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. டிம்மர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், லென்ஸ் மாற்றும் கேமராவில் அபெர்ச்சர்தான் மிச்சம். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸுக்குள் அபெர்ச்சர் மூடித் திறக்கிறது, ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கிறது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து (மிகச் சிறிய எஃப் எண்) பத்துப் படம் மறுபடி எடுங்கள். மின்னல் போய்விட்டால் காரணம் கிடைத்துவிட்டது. முழுத் திறப்பிலேயே படம் எடுக்கலாம், அப்போது பின்னணி மங்கும், அவ்வளவுதான். எல்லாம் துல்லியமாக வேண்டும் என்றால், லென்ஸ் மேலேயே அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய கைமுறை லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். செலவு வரும் கட்டம் இதுதான், மற்றதெல்லாம் பார்த்த பிறகே இங்கே வாருங்கள்.

முழுத் திறப்பிலும் கைமுறை அமைப்பிலும் தாறுமாறாக இருட்டும் வெளிச்சமும் மாறி வந்தால், கேமராவின் ஷட்டரில் பழுது இருக்கலாம். அதைக் கழற்றிப் பார்க்காமல் கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அறை விளக்கு கண்ணுக்கே தெரிய மின்னுகிறது, அல்லது ஹோல்டர் சுடுகிறது என்றால் விளக்கை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே 120 படமும் எடுத்துவிட்டீர்களா? மொத்தப் படமும் லேசாக ஏறி இறங்கும் மின்னலைக் கணினியில் ஓரளவு தணிக்கலாம். ffmpeg என்ற வீடியோ நிரல் இருந்தால், கட்டளை இப்படி:

```
ffmpeg -framerate 12 -i puzhu_%04d.jpg -vf "deflicker,scale=1920:-2" -c:v libx264 -pix_fmt yuv420p puzhu.mp4
```

படங்கள் `puzhu_0001.jpg` என்று வரிசையாகப் பெயரிடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நிழல் ஒரு மூலையில் வந்து போவதை இது சரிசெய்யாது. அந்த ஃபிரேம்களை மறுபடி எடுப்பதுதான் வழி.

## ஒரு ஃபிரேமில் காட்சி துள்ளுகிறது

துள்ளிய படத்தையும் அதற்கு முந்தியதையும் மாறி மாறிப் பாருங்கள். பின்னணி, கட்டை, தரை எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் அசைந்தது கேமரா, அல்லது மேசையே. கட்டை மட்டும் நகர்ந்தால் செட்டில் கை பட்டிருக்கிறது.

கேமரா என்றால், பெரும்பாலும் பொத்தானை அழுத்தும் விரல்தான் காரணம். இரண்டு விநாடி டைமர் வையுங்கள், அல்லது ப்ளூடூத் ரிமோட் பயன்படுத்துங்கள். டிரைபாடின் நடுத்தண்டை மேலே தூக்காமல் வைத்து, மூன்று காலையும் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்தால், யாராவது தட்டிவிட்டாலும் திரும்ப அதே இடத்தில் நிறுத்தலாம். கேமராவின் பட நடுக்கம் தடுக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள், டிரைபாட் மேல் இருக்கும்போது அதுவே படத்தை நகர்த்தும்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே துள்ளலைக் கண்டால், அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். ஆனியன் ஸ்கின்னில் பழைய படத்தைப் போட்டு, கட்டையின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை கேமராவை மெல்ல நகர்த்துங்கள். முடிந்த பிறகு கண்டால், எடிட்டிங்கில் அந்த எண்ணிலிருந்து கடைசிவரை எல்லாப் படத்தையும் சில பிக்சல் தள்ளி, மொத்தப் படத்தையும் சற்றுப் பெரிதாக்கினால் மறைந்துவிடும். ஃபோன் படம் 4000 பிக்சல் அகலத்தில் இருந்தால், 1920 வீடியோவுக்கு அதில் தாராளமாக இடம் இருக்கிறது. கேமரா நகர்ந்ததோடு சாய்ந்தும் போயிருந்தால் தள்ளினால் மட்டும் போதாது. அங்கே எடிட்டிங் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம், ஆனால் 12 ஃபிரேமுக்குக் குறைவாக இருந்தால் மறுபடி எடுப்பது சீக்கிரம் முடியும்.

## எல்லாம் சட்டென்று முடிந்துவிடுகிறது, கதை புரியவில்லை

வீடியோவின் நீளத்தைப் பாருங்கள். 120 ஃபிரேமுக்கு 10 விநாடி வர வேண்டும். 5 விநாடி வந்தால் செயலி 24-ல் ஓட்டுகிறது, 4 விநாடி வந்தால் 30-ல். அமைப்பில் 12 என்று மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். படத்தில் ஒரு குறையும் இல்லை.

நீளம் 10 விநாடிக்குச் சற்றுக் குறைவாக, ஒன்பது ஒன்பதரை என்று வந்தால், நிற்கும் இடங்களைச் சுருக்கிவிட்டீர்கள். 53–60, 85–92 இரண்டும் "ஒன்றும் நடக்காத" ஃபிரேம்கள் என்று தோன்றும், பொறுமை போன பிறகு இரண்டு மூன்று படத்தோடு நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் புழு கட்டையைப் பார்த்தது, இலையைப் பார்த்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரிகிறது. நிற்கும் காட்சி எட்டு ஃபிரேமுக்குக் குறைந்தால் கண் அதைப் பிடிப்பதற்குள் போய்விடும். இதற்கு மறுபடி செட் போட வேண்டியதில்லை. அந்த நிலையின் கடைசிப் படத்தை நகல் எடுத்து எட்டு வரும்வரை நிரப்பலாம். நகல் படம் அப்படியே உறைந்தது போல் இருக்கும், அது பிடிக்கவில்லை என்றால் கடைசி இரண்டு படத்தை மாற்றி மாற்றி வையுங்கள், லேசான உயிர்ப்பு வரும்.

## புழு போகப் போகப் பருக்கிறது, அழுக்காகிறது

புழு முதன்முதலில் முழுதாகத் தெரியும் 32-ஆவது படத்தையும் 120-ஆவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும். உடல் குட்டையாகிப் பருத்தால், நீங்கள் ஒவ்வொரு முறையும் இரு முனையிலிருந்தும் தள்ளுகிறீர்கள். கம்பியைப் பிடித்து வளைக்க வேண்டும், களிமண்ணைப் பிடித்து அல்ல. தொடங்கும் முன் 9 செ.மீ. புழுவின் உருவத்தைத் தாளில் கோடாக வரைந்து வையுங்கள். ஒவ்வொரு ஊர்தல் முடிவிலும் புழுவைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், பருத்த இடத்தை அப்போதே உருட்டிச் சரிசெய்யலாம்.

ரேகைத் தடத்துக்கு, விரலில் ஒரு சொட்டு பேபி ஆயில் தொட்டு மேலே தடவினால் மழுங்கும். அதிகம் போட்டால் களிமண் பளபளத்து வெளிச்சத்தைத் திருப்பும், அப்புறம் மேலே சொன்ன மின்னல் கணக்கில் அதுவும் சேரும். வெளிர்நிறக் களிமண்ணைத் தொடும் முன் கையை ஈரத்துணியால் துடையுங்கள். கறுப்போ பச்சையோ தொட்ட விரல் மஞ்சள் புழுவை இருபது ஃபிரேமுக்குள் கெடுத்துவிடும், அந்த அழுக்கை எடுக்க மேல்தோலைச் சீவிவிட்டுப் புதிதாகச் சுற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. அப்படிச் சுற்றினால் 60-ல் அல்லது 92-ல் நிற்கும்போது சுற்றுங்கள். ஊர்தலின் நடுவில் சுற்றினால் புழு ஒரே ஃபிரேமில் சட்டை மாற்றியது போலத் தெரியும்.